டெலிவரி தாமதமா? முதலில் உள்ளே தள்ளுவதை நிறுத்துங்கள்

தொழிற்சாலைகளின் உற்பத்தித் திட்டமிடலைச் சீர்செய்வது என் வேலை. எங்கே போனாலும் ஒரே கதைதான். ஆர்டர் தாமதம், வாடிக்கையாளர் கோபம், உடனே ஒரு முடிவு: "நாளையிலிருந்து வேலையை இன்னும் சீக்கிரமாக ஆரம்பித்துவிடுங்கள், இன்னும் அதிகமாக உள்ளே விடுங்கள்." சமீபத்தில் பார்த்த இடத்திலும் இதையே செய்து, தாமதத்தைத் தாங்களே வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே செய்வது வால்வு. கடைசல், பாலிஷ், பெயின்ட், அசெம்ப்ளியோடு சோதனை என்று நான்கு கட்டங்கள். ஒரு வால்வின் மேல் உண்மையில் நடக்கும் வேலையை எல்லாம் கூட்டினால், பெயின்ட் காயும் நேரத்தையும் சேர்த்து, ஒரு நாள். வாடிக்கையாளரிடம் சொல்லியிருந்தது 7 வேலைநாள். ஒரு நாள் வேலைக்கு ஏழு நாள் தாராளம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சரக்கு வெளியே வர 15 நாள் ஆனது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

புரிந்துகொள்ள மென்பொருள் எதுவும் வேண்டாம். ஷாப் ஃப்ளோரைச் சுற்றி வந்து எண்ணினால் போதும். கடைசலில் 70, பாலிஷில் 60, பெயின்ட் பூத் வாசலில் 400, அதற்குப் பிறகு 70. மொத்தம் 600 வால்வுகள் பாதி வேலையில் நிற்கின்றன. கடந்த இரண்டு மாதங்களில் கேட்டைத் தாண்டி வெளியே போனது சராசரியாக நாளுக்கு 40. அறுநூறை நாற்பதால் வகுங்கள். 15 நாள்.

இதுதான் லிட்டில் விதி. ஜான் லிட்டில் 1961-இல் இதற்கு நிரூபணம் வெளியிட்டார்.

```
L = λ × W
```

L என்பது உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கை, λ என்பது ஒரு நாளில் சராசரியாக வெளியேறும் எண்ணிக்கை, W என்பது ஒரு பொருள் உள்ளே செலவிடும் சராசரி நாள்கள். மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகவும் போட்டுப் பார்க்கலாம்: கடைசலில் 1.75 நாள், பாலிஷில் 1.5, பெயின்டுக்கு முன்னால் 10, அப்புறம் 1.75. கூட்டினால் அதே 15. பத்து நாள் வால்வு சும்மா வரிசையில் நிற்கிறது என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா? நாளுக்கு 40-க்கு மேல் தாங்காதது அந்த பெயின்ட் பூத்தான்.

இனி எனக்கு எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். தாமதத்தைப் பார்த்ததும் அவர்கள் நாளுக்கு 40 உள்ளே விட்டுக்கொண்டிருந்ததை 50 ஆக்கியிருந்தார்கள். கடைசல் பிரிவால் 60 வரை முடியும், ஆகவே அங்கே யாருக்கும் சிரமமில்லை. எல்லா மெஷினும் ஓடுகிறது, எல்லோரும் வேர்த்து விறுவிறுக்கிறார்கள், மேலாளருக்குத் திருப்தி. ஆனால் வெளியே போவது அதே 40. மீதி 10 எங்கே போகும்? பெயின்ட் பூத் வாசலுக்கு. 20 வேலைநாளில் 200 வால்வு கூடுதலாகச் சேர்ந்துவிடும். உள்ளே இருப்பது 800. அன்றைக்கு உள்ளே நுழையும் வால்வு, வரிசைப்படி போனால், 20 நாள் கழித்துத்தான் வெளியே வரும். 15 நாளைக் குறைக்கக் கிளம்பியவர்கள் 20-இல் வந்து நிற்பார்கள். அதைப் பார்த்துப் பதறி, இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்வார்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் முடியும் என்பது வரிசையே இல்லாத இடத்தில் சரி. நானூறு நிற்கும் வரிசைக்குப் பின்னால் போய் முன்கூட்டியே நிற்பதால் உங்கள் வால்வுக்கு என்ன லாபம்?

"அவசர ஆர்டருக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறோமே" என்றார்கள். ஒட்டுங்கள், சராசரி மாறாது. உள்ளே 600, வெளியே 40 என்றால் யாரை முன்னால் விட்டாலும் சராசரி 15 நாள்தான். வெளியே போகும் 40-இல் 10 சிவப்புச் சீட்டு, அவை 3 நாளில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். மற்ற 30-க்கும் அப்போது 19 நாள் ஆகும். அந்த 19 நாள் வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டதும் அவர்களுக்கும் சிவப்புச் சீட்டு. நான் போனபோது கிட்டத்தட்ட பாதிச் சரக்கு சிவப்பாக இருந்தது!

கணக்குப் போடும்போது தயவுசெய்து இரண்டு தப்புகளைத் தவிருங்கள். முதலாவது, மெஷினின் திறனை λ என்று எடுத்துக்கொள்வது. அறுநூறை கடைசல் பிரிவின் 60-ஆல் வகுத்து "பத்து நாள்தானே" என்று என்னிடமே ஒருவர் வாதாடினார். λ என்பது கேட்டைத் தாண்டியது மட்டும். இரண்டாவது, மூலையில் கிடக்கும் மறுவேலைச் சரக்கை எண்ணாமல் விடுவது. அதுவும் உள்ளேதான் இருக்கிறது. ஆர்டரில் எண்ணினால் எல்லாவற்றையும் ஆர்டரில் எண்ணுங்கள், வால்வில் என்றால் எல்லாமே வால்வில்.

இந்த விதி சராசரியைத்தான் சொல்லும், ஒரு குறிப்பிட்ட ஆர்டர் என்றைக்கு வரும் என்று சொல்லாது. ஒரு நாள் மட்டும் எண்ணிவிட்டு முடிவுக்கு வராதீர்கள். சில வாரங்கள் எண்ணி, தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குவியல் வளர்ந்துகொண்டே போகும் காலத்தில் சராசரிகளை வைத்து வகுத்தால் விடை ஏமாற்றும்.

சரி, 7 நாளுக்கு என்ன வழி? ஒன்று, பெயின்ட் பூத்தின் வேகத்தைக் கூட்டுவது. அதற்குப் பணமும் காலமும் வேண்டும். இன்னொன்று செலவில்லாதது: 40-ஐ 7-ஆல் பெருக்கினால் 280. உள்ளே சராசரியாக அவ்வளவுதான் இருக்கலாம். நாளுக்கு 30 மட்டும் உள்ளே விடுங்கள். வெளியே போவது 40 ஆகவே இருக்கும், ஏனென்றால் பூத் வாசலில்தான் மலைபோல் குவிந்திருக்கிறதே. 32 வேலைநாளில் 600 என்பது 280 ஆகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை வெளியே போகிறதோ அத்தனை மட்டும் உள்ளே. கடைசல் ஆட்கள் சில மணி நேரம் சும்மா இருப்பார்கள், இருக்கட்டும். அதைப் பார்க்கச் சகிக்காமல் வேலை கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மறுவேலையைப் பார்க்கவோ பூத்துக்கு உதவவோ அனுப்புங்கள்.

280 நன்றாகப் போகிறது என்று ஒரேயடியாக 50-க்கு இறங்கிவிடவும் வேண்டாம். ஒரு நாள் வேலை, நாளுக்கு 40 என்பதால் எதுவும் பிசகாத உலகத்தில் 40 வால்வு போதும். நிஜத்தில் கருவி உடையும், ஆள் வராமல் போவார், ஒரு தொகுதி தரச்சோதனையில் நிற்கும். அப்போது பூத் வேலையில்லாமல் நின்றால் λ-வே விழுந்துவிடும், நாள் குறையாது. ஆகவே இருபது இருபதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் பூத்தைக் கவனியுங்கள். சரக்கு வராமல் பூத் காத்திருக்க ஆரம்பித்தால், முந்தைய எண்ணிக்கைக்குத் திரும்பி அங்கேயே நின்றுவிடுங்கள்.