கூலிங் கிளாஸுக்குப் பின்னால் கண் எவ்வளவு இருட்டு?

போட்டோவில் இருக்கும் முகத்துக்கு ஒரு கூலிங் கிளாஸ் மாட்டிவிடுவது எடிட்டிங் தெரிந்தவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. பிரேமை அளவு பார்த்து வைத்து, தலை சாய்ந்த பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும். ஆனாலும் பார்த்தவுடனே ‘இது ஒட்டவைத்தது’ என்று தெரிந்துவிடுகிறது. குற்றம் பெரும்பாலும் பிரேமில் இருக்காது, லென்ஸுக்குள் இருக்கும்.

ஒரு வெயில் நேரப் படத்தை எடுத்துக்கொள்வோம். முகத்துக்கு நேரே, சற்று உயரத்தில் சூரியன். மாட்டப் போவது பொதுவாக விற்கும் ‘வகை 3’ கூலிங் கிளாஸ். இந்த வகை லென்ஸ் தன்மேல் விழும் ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தை மட்டுமே உள்ளே விடும். நம்முடையது 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கண் பகுதியின் வெளிச்சத்தை 15 சதவீதமாகக் குறைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. அணிந்திருப்பவர் வெளியே பார்க்கும்போதுதான் ஒளி லென்ஸை ஒருமுறை கடக்கிறது. கேமரா கண்ணைப் பார்ப்பது வேறு வழியில். வெயில் முதலில் லென்ஸ் வழியாக உள்ளே போக வேண்டும், இமையில் பட வேண்டும், திரும்ப அதே லென்ஸ் வழியாக வெளியே வர வேண்டும். 15 சதவீதத்தில் 15 சதவீதம் என்றால் 2.25 சதவீதம்தான்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. படக் கோப்பில் உள்ள 0 முதல் 255 வரையிலான எண்கள் ஒளியின் அளவை நேரடியாகச் சொல்பவை அல்ல. பாதி ஒளிக்கான எண் 128 இல்லை, ஏறத்தாழ 188. வெயிலில் 170 என்று பதிவாகும் தோல், உண்மையில் வெள்ளைத் தாளின் ஒளியில் 40 சதவீதத்தைத் தருகிறது. அதை 2.25 சதவீதமாகக் குறைத்து மறுபடி படத்தின் எண்ணாக்கினால் 24 வருகிறது. இதை எதையும் யோசிக்காமல் 170ஐ நேரடியாக 15 சதவீதத்தால் பெருக்குபவருக்கு என்ன கிடைக்கும்? 25.5! ஒளி இரண்டு முறை கடக்கிறது என்பதை மறந்தது ஒரு பிழை, படத்தின் எண்ணை ஒளியின் அளவாக எடுத்துக்கொண்டது இன்னொரு பிழை. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. கோப்பின் எண்களை அப்படியே பெருக்கும் ‘மல்டிப்ளை’ லேயர் போட்டே பல வருடம் காலம் தள்ளியவர்களுக்கு இதனால்தான் பெரிய சிக்கல் வரவில்லை.

ஒளி ஒரே ஒருமுறை கடக்கும் இடங்களில்தான் அந்த அதிர்ஷ்டம் கைவிடுகிறது. பிரேமின் பக்கவாட்டு இடைவெளி வழியாக உள்ளே நுழையும் ஒளி, கண்ணின் வெளி ஓரத் தோலில் விழுகிறது. அது வெளியே வரும்போது மட்டும்தான் லென்ஸைக் கடக்கிறது. சூரியன் பக்கவாட்டில் இருந்து அங்கே முழு வெயில் விழுந்தால் எண் 24 அல்ல, 69 வரை போகலாம். ஆகவே லென்ஸின் உட்புறம் ஒரே சீரான இருட்டாக இருக்கக் கூடாது. மூக்குப் பக்கம் இருண்டும், காது பக்கம் போகப் போகச் சற்று வெளுத்தும் இருக்க வேண்டும்.

நிறத்துக்கும் இதே கணக்குதான். ஒரு பழுப்பு லென்ஸ் சிவப்பில் 30, பச்சையில் 18, நீலத்தில் 8 சதவீதம் விடுகிறது என்போம். இரண்டு முறை கடந்தபின் அவை 9, 3.2, 0.64 ஆகிவிடும். முதலில் நீலத்தைப் போல நான்கு மடங்குகூட இல்லாத சிவப்பு, இப்போது பதினான்கு மடங்கு. கடைக்காரர் லென்ஸைக் கையில் பிடித்துக் காட்டும் நிறத்தைவிட, அதற்குப் பின்னால் தெரியும் கண்ணின் நிறம் எப்போதும் அழுத்தமானது.

சரி, பிரதிபலிப்புக்கு வருவோம். பாலிகார்பனேட் லென்ஸின் முன்பக்கம், நேராக விழும் ஒளியில் சுமார் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது லென்ஸுக்குள் போகவே இல்லை, அதனால் அதில் லென்ஸின் சாயம் ஏறாது (முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பூச்சு பூசிய லென்ஸ் என்றால் கதை வேறு). எனவே அதைப் பெருக்கக் கூடாது, மேலே கூட்ட வேண்டும்:

```
லென்ஸில் தெரிவது = முகம் × T² + எதிரே இருப்பது × 0.05
```

இதில் T என்பது லென்ஸ் ஒருமுறையில் விடும் பங்கு. எல்லாமே ஒளியின் அளவில், கோப்பின் எண்ணில் அல்ல. எதிரே வெயில் படும் வெள்ளைச் சுவர் இருந்தால் அதன் பிரதிபலிப்பு மட்டுமே 63 வரும், கண்ணோ 24. சுவர் கண்ணை விழுங்கிவிடும். வெயிலில் எடுத்த படங்களில் கூலிங் கிளாஸ் முகம் பார்க்கும் கறுப்புக் கண்ணாடி போலத் தெரிவது இதனால்தான். ஆனால் படம் எடுப்பவரின் கருஞ்சட்டை பிரதிபலிக்கும் இடத்தில் கூட்டுவதற்கு ஒளி இல்லை. அந்த நிழலுருவத்துக்குள் மட்டும் கண் எட்டிப் பார்க்கும்.

அந்த உருவம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. வளைந்த கூலிங் கிளாஸின் ஆரம் 66 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 2 மீட்டர் தள்ளி நிற்கும் 1.7 மீட்டர் உயர ஆள் அதில் 28 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தெரிவார். லென்ஸின் உயரமே 45 மில்லிமீட்டர்தான்! அப்புறம், லென்ஸின் அடிப்பக்கம் கன்னத்தை நோக்கிச் சுமார் 8 டிகிரி சாய்ந்திருப்பதால் அதன் முகம் சற்றுத் தரையைப் பார்க்கிறது. கேமரா கண் உயரத்தில் இருந்தால் அடிவானக் கோடு லென்ஸின் நடுவில் விழாது, 9 மில்லிமீட்டர் மேலே விழும். அதற்குக் கீழே முழுக்கத் தரைதான். லென்ஸ் நிறைய நீல வானத்தை நிரப்புவது அழகாக இருக்கலாம், நம்பும்படி இருக்காது. ஒரு லென்ஸின் பிரதிபலிப்பை அப்படியே இடவலம் திருப்பி மறு லென்ஸில் ஒட்டுவது இன்னும் மோசம், ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்க முடியாது.

எதைப் பிரதிபலிக்க வைப்பது என்று தெரியாவிட்டால் அசல் படத்தின் கருவிழியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதுவும் ஒரு குவியாடிதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோ நிஷினோவும் ஸ்ரீ நாயரும் 2004இல் இதை வைத்தே, கண்ணின் படத்திலிருந்து சுற்றுப்புறத்தை மீட்டுக் காட்டினார்கள். நமக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். வெளிச்சம் எந்தப் பக்கம், அடிவானம் எங்கே, எதிரே ஆள் நிற்கிறாரா என்று தெரிந்தால் போதும்.

மூக்குத் தண்டில் விழும் நிழலுக்குப் பிரேமின் வகை முக்கியம். தடித்த பிளாஸ்டிக் பிரேம் மூக்கின்மேலேயே உட்கார்ந்திருப்பதால் நிழல், இரண்டு லென்ஸையும் இணைக்கும் பாலத்தை ஒட்டியே தொடங்கும். நோஸ் பேட் வைத்த மெட்டல் பிரேமில் பாலம் தோலைத் தொடாது. அதன் நிழல் தனியாகப் பிரிந்து கீழே விழும், பேட் தொடும் இரண்டு இடங்களில் மட்டும் சின்னதாக ஒட்டிய இருட்டு இருக்கும். எவ்வளவு கீழே என்பதைச் சூரியனின் உயரம் சொல்லும். பிரேமின் கீழ் விளிம்பு கன்னத்திலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, சூரியன் 50 டிகிரியில் இருக்கிறது என்றால் நிழல் 18 மில்லிமீட்டர் இறங்கும். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலமே என்பதால் இத்தனை தூரத்தில் நிழலின் விளிம்பு மங்கல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தோலுக்குள் ஒளி பரவுவதால் கொஞ்சம் சிவந்து மென்மையாகும், அவ்வளவுதான். வெயில் படத்தில் பஞ்சுபோல மங்கிய நிழலைப் போட்டால் வானம் மேகமாக இருந்ததாக அந்த நிழலே சொல்லிவிடும்.

பிரேமின் நிழல்தான் கருமை. லென்ஸின் நிழலில் லென்ஸின் நிறமே கலந்திருக்கும், கன்னத்தில் அது லென்ஸுக்கு வெளியே நேரடியாகத் தெரிவதால் இங்கே T ஒருமுறைதான். மேலே வானத்தின் ஒளியும் வந்து சேர்வதால் 15 சதவீதம் அளவுக்கு இருளாது.

முகம் முக்கால்வாசி திரும்பியிருக்கும் படங்களில் ஒரு பொறி உண்டு. தூரத்து லென்ஸின் ஓரம் கன்னத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் வழியே பின்னணி தெரியும். பின்னணியின் வெளிச்சம் லென்ஸைக் கடப்பது ஒருமுறைதான். ஆகவே ஒரே லென்ஸுக்குள் தோல் தெரியும் பகுதிக்கும் பின்னணி தெரியும் பகுதிக்கும் நடுவே முகத்தின் விளிம்பு தெளிவான கோடாகப் பிரியும். முழு லென்ஸையும் ஒரே சாயத்தால் நிரப்பியவர்கள் அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த ஓரத்தில்தான்.