சிக்னலில் தானாக அணையும் காருக்குச் சாதாரண பேட்டரி ஏன் ஒத்துவராது?

சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் கோவைப் பணிமனைக்கு ஓர் ஆசிரியை தமது பெட்ரோல் செடான் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஐந்து ஆண்டுகள் உழைத்த பேட்டரியை மாற்றிப் பதினோரு மாதங்கள்தான் ஆகியிருந்தன. "சிக்னல்ல தானா ஆஃப் ஆகறது நாலஞ்சு மாசத்துக்கு முன்னாடியே நின்னு போச்சுங்க. அது ஒரு வகையில நிம்மதின்னு விட்டுட்டேன். இப்போ காலையில ஸ்டார்ட் ஆகவே திணறுதுங்க" என்றார். அவர் நிம்மதி என்று எண்ணிய அந்த மாற்றம்தான் பேட்டரி தந்த முதல் எச்சரிக்கை. என்னிடம் வரும் இத்தகைய கார்களில் பெரும்பாலானவற்றின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

பானட்டைத் திறந்து பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து அந்தக் கார் 70 ஏஎச், அதாவது 70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள, ஏஜிஎம் என்ற தனி வகைப் பேட்டரியுடன் வந்திருந்தது. இப்போது அதே இடத்தில், அதே நீள அகலத்தில், அதே 70 ஏஎச் என்று அச்சிட்ட சாதாரண 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' பேட்டரி இருந்தது. தட்டில் சரியாக உட்கார்ந்திருந்தது, டெர்மினல்களும் பொருந்தியிருந்தன, விலையோ ஏறத்தாழ பாதி. மாற்றிக் கொடுத்த கடைக்காரர் ஏமாற்றும் நோக்கத்துடன் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அளவும் ஏஎச் எண்ணும் ஒத்துப்போனால் போதும் என்பது பல ஆண்டுகளாகச் சரியாகவே இருந்த கணக்கு. இந்த வகைக் கார்களில்தான் அது பொய்த்துப் போகிறது.

சாதாரணக் காரில் பேட்டரியின் வேலை ஒரு பயணத்துக்கு ஒருமுறை செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுவதோடு முடிகிறது. பிறகு எஞ்சின் ஓடும் நேரம் முழுவதும் ஆல்டர்னேட்டரே மின்சாரம் தருவதால் பேட்டரி நிரம்பிய நிலையிலேயே இருக்கும். சிக்னலில் அணையும் காரில் நிலைமை வேறு. அணைந்து அணைந்து ஸ்டார்ட் செய்வதால்தான் பேட்டரி தேய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அது முழு உண்மையல்ல. ஒருமுறை ஸ்டார்ட் செய்யும்போது 300 ஆம்பியர் அரை நொடிக்குச் செல்கிறது என்று வைத்துக்கொண்டால் அது 0.04 ஏஎச் மட்டுமே. எஞ்சின் அணைந்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் உண்மையான செலவு நடக்கிறது. ஏசி ஊதுவிசிறி, முகப்பு விளக்கு, ஆடியோ, கணினிப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 40 ஆம்பியர் இழுத்தால், அவினாசி சாலையில் பன்னிரண்டு சிக்னல்களில் தலா 50 நொடிகள் நிற்பதற்குள் 6.7 ஏஎச் போய்விடும். 70 ஏஎச் பேட்டரியில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு சிக்னலிலும் செலவானதை அடுத்த சிக்னலுக்குள், பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில், திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இத்துடன் இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. இவ்வகைக் கார்களில் பல, பேட்டரியை வேண்டுமென்றே முழுமையாக நிரப்புவதில்லை. நெகட்டிவ் டெர்மினலில் மாட்டியிருக்கும் சிறிய சென்சார் வழியாக மின்னோட்டம், மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் கவனித்தபடி, 80 சதவீதத்தை ஒட்டியே பேட்டரியை வைத்திருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் கிடைக்கும் இலவச ஆற்றலை ஏற்க அந்த மீதி இடம் தேவை. அந்தத் தருணங்களில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் 14.8 வோல்ட்டையும் தாண்டி எழும். வேகமெடுக்கும்போது 13 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். ஆகவே ஸ்டார்ட்-ஸ்டாப் எனப்படும் இந்தத் தானாக அணையும் வசதியை நிறுத்தும் பொத்தானை ஒவ்வொரு முறையும் அழுத்திவிட்டு ஓட்டினாலும், இந்த அரைகுறைச் சார்ஜ் முறை பின்னணியில் நடந்துகொண்டேயிருக்கும். பொத்தானை அழுத்துவது பேட்டரியின் சுமையைக் குறைக்குமே தவிர, தவறான வகைப் பேட்டரியைச் சரியானதாக ஆக்கிவிடாது.

சாதாரண பேட்டரிக்கு இந்த நிரம்பாத வாழ்க்கை மூன்று வகையில் கேடு செய்கிறது. முதலாவது, அமிலம் அடுக்காகப் பிரிவது. சார்ஜ் ஏறும்போது தகடுகளிலிருந்து வெளிப்படும் அடர்ந்த அமிலம் கனமானது என்பதால் அடியில் தங்குகிறது. பேட்டரி முழுதாக நிரம்பிக் குமிழிகள் எழும்போதுதான் அது மேலும் கீழும் கலக்கும். நிரம்பவே விடாத காரில் கலப்பதற்கு வாய்ப்பே குறைவு. நாளடைவில் அடிப்பகுதி அமிலம் அடர்ந்தும் மேற்பகுதி நீர்த்தும் போய், தகட்டின் கீழ்ப்பாதி மட்டும் வேலை செய்து தேய்கிறது. இரண்டாவது, மின்சாரம் செலவாகும்போது தகட்டின் மேல் படியும் ஈய சல்பேட் உடனுக்குடன் கரைக்கப்படாவிட்டால் பெரிய படிகங்களாக இறுகிவிடுகிறது. இறுகிய பகுதி மறுபடி சார்ஜை ஏற்பதில்லை. மூன்றாவது, பாசிட்டிவ் தகட்டிலுள்ள ஈய டை ஆக்சைடு சல்பேட்டாக மாறும்போது ஏறத்தாழ இருமடங்கு இடம் கேட்கிறது. தினமும் பலமுறை விரிந்து சுருங்குவதால் அந்தப் பூச்சு இளகி, சேறுபோல அடியில் உதிர்கிறது.

ஆசிரியையின் காரிலிருந்த பேட்டரியில் முதல் இரண்டையும் கருவியிலேயே காண முடிந்தது. இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் மல்டிமீட்டரில் பார்த்தபோது 12.5 வோல்ட் காட்டியது. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் பேட்டரி ஓரளவு நன்றாகவே இருக்கிறது என்று சொல்லியிருப்பார். அதிர்ஷ்டவசமாக அந்தப் பேட்டரியில் மேல் ஸ்டிக்கரை உரித்தால் மூடிகளைத் திறக்க முடிந்தது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தேன். நிரம்பிய செல்லில் 1.28 அளவில் நிற்க வேண்டிய மிதவை 1.19-இல் நின்றது. மிதவையின் கணக்குப்படி 12.2 வோல்ட் இருக்க வேண்டும். இந்த முரண்பாடே அமிலம் அடுக்காகப் பிரிந்ததன் அடையாளம்: ஹைட்ரோமீட்டர் உறிஞ்சுவது மேலிருக்கும் நீர்த்த அமிலத்தை; மின்னழுத்தத்தை உயர்த்திக் காட்டுவது அடியிலுள்ள அடர்ந்த அமிலம்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி கேபிளில் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். டெர்மினலில் 14.4 வோல்ட் இருந்தும் உள்ளே சென்றது 8 ஆம்பியர் மட்டுமே. ஒரு நிமிடத்தில் அதுவும் 5-க்கு இறங்கியது. பாதி காலியான பேட்டரி ஒன்று இவ்வளவு கொஞ்சமாக வாங்குகிறது என்றால், பசியில்லாமல் அல்ல, விழுங்க முடியாமல்தான். இரண்டு சிக்னல்களுக்கு இடையே 8 ஆம்பியரில் இரண்டு நிமிடம் ஏறினால் 0.27 ஏஎச் திரும்பும்; ஒரு சிக்னலில் செலவானதோ அதைப்போல் இருமடங்கு. இந்தப் பற்றாக்குறையைச் சென்சார் கண்டுகொண்டதால்தான், மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் நடுச்சாலையில் நின்றுவிடக் கூடாது என்று கார் அணைவதையே நிறுத்திக்கொண்டது. ஏசிக்கு அதிகக் குளிர்ச்சி தேவைப்படும்போதும், எஞ்சின் இன்னும் சூடாகாதபோதும், சீட் பெல்ட் போடாதபோதும் கார் அணையாது, அது இயல்பு. ஆனால் மாலை நேரத்தில், நன்கு ஓடிய பிறகும், வாரக்கணக்கில் ஒருமுறைகூட அணையவில்லை என்றால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.

ஏஜிஎம் பேட்டரியிலும் ஈயமும் அமிலமும்தான் இருக்கின்றன. ஆனால் அமிலம் தளதளவென்று நிற்பதில்லை. தகடுகளுக்கிடையே வைத்திருக்கும் நுண்ணிய கண்ணாடி இழை விரிப்பு, மை ஒற்றும் தாளைப்போல அமிலம் முழுவதையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. கனமான அமிலம் எளிதில் அடியில் இறங்க முடியாது என்பதால் அடுக்குப் பிரிவு மிகவும் குறைவு. தகடுகளும் விரிப்பும் இறுக்கி அடைக்கப்பட்டிருப்பதால் பூச்சு உதிர்வதற்கு இடமில்லை. உள்தடை குறைவு என்பதால் குறுகிய நேரத்தில் நிறைய சார்ஜ் வாங்கிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது எழும் உயர்ந்த மின்னழுத்தத்தில் சாதாரண பேட்டரி குமிழிவிட்டுத் தண்ணீரை இழக்கும். ஏஜிஎம்மிலோ பாசிட்டிவ் தகட்டில் உண்டாகும் ஆக்சிஜன் விரிப்பின் நுண்துளைகள் வழியே நெகட்டிவ் தகட்டுக்குப் போய் மறுபடி தண்ணீராகிறது.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு, நம் ஊரில் அது முக்கியமானது: வெப்பம். அளவுக்கு மீறிய சூட்டிலும் சார்ஜிலும் உள் அழுத்தம் கூடி வால்வு திறந்து வாயு வெளியேறினால், இழந்த தண்ணீரை வெளியிலிருந்து ஊற்ற வழியில்லை. இதனால்தான் பல நிறுவனங்கள் இதை டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ வைக்கின்றன; எஞ்சின் அருகே வைத்தால் தடித்த வெப்பத்தடுப்பு உறையைப் போர்த்துகின்றன. ஆசிரியையின் காரில் அந்த உறையைக் காணவில்லை. முந்தைய முறை மாற்றும்போது பேட்டரியோடு அதையும் கழற்றிப் போட்டிருக்க வேண்டும்.

சிக்னலில் அணையும் எல்லாக் கார்களுக்கும் ஏஜிஎம்தான் என்பதும் சரியல்ல. சிறிய கார்கள் பலவற்றில் இஎஃப்பி என்ற வகை வருகிறது. அது வலுவூட்டிய தகடுகளும் அமிலம் நிறைந்த பெட்டியும் கொண்ட இடைநிலை பேட்டரி. எஞ்சின் அறைச் சூட்டை ஏஜிஎம்மைவிட நன்றாகத் தாங்கும். இஎஃப்பி இருந்த காருக்கு இஎஃப்பியே போதும். ஏஜிஎம் இருந்த காருக்கு இஎஃப்பியோ சாதாரண வகையோ போடுவது மட்டும் கூடாது. கடைக்குப் போகும்முன் பழைய பேட்டரியின் மேலுள்ள எழுத்துகளை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால் அதை நம்பாமல் காரின் கையேட்டைப் பாருங்கள்.

ஆசிரியையின் காரில் புதிய 70 ஏஎச் ஏஜிஎம்மைப் பொருத்தியபின் ஸ்கேனரை மாட்டி, பேட்டரி மாற்றப்பட்டதையும் அதன் வகையையும் கொள்ளளவையும் காரின் கணினியில் பதிவு செய்தேன். இந்தப் பதிவு தேவைப்படும் கார்களில் இதைச் செய்யாவிட்டால், பழைய நலிந்த பேட்டரியே இன்னும் இருப்பதாக நினைத்துக் கார் அதற்கேற்ப சார்ஜ் செய்துகொண்டிருக்கும். உறை தனி உதிரிபாகமாக வரவழைக்க ஒன்பது நாட்கள் ஆயின. முதல் நாள் அதே கிளாம்ப் மீட்டரில் 36 ஆம்பியர் ஏறுவதைக் காட்டியபோது, சிக்னலில் எஞ்சின் அணைவது தமக்கு இன்னும் பிடிக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். பொத்தானை அழுத்திக்கொள்ளலாம் என்றேன். மூன்று மாதம் கழித்துச் சோதனைக்கு வந்தபோது, ஓர் இரவு ஓய்வுக்குப் பின் பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது. 80 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கும் காரில் ஏஜிஎம்முக்கு அது எதிர்பார்க்கும் அளவுதான்.