ஐஎஸ்-ஐஎஸ்: சொல் விளக்கம்

விரிவு: இன்டர்மீடியட் சிஸ்டம் டு இன்டர்மீடியட் சிஸ்டம்
தமிழில்: இடைமுறைமை வழிச்செலுத்தல் நெறிமுறை

ஓஎஸ்ஐ என்ற வலையமைப்புத் தரத்தின் கலைச்சொற்களில் பயனரின் கணினி 'முனை முறைமை'. இரண்டு முனைகளுக்கு நடுவில் நின்று பொதிகளைக் கடத்திவிடும் கருவி 'இடை முறைமை'. நாம் ரவுட்டர் அல்லது திசைவி என்கிறோமே, அதுதான் இது. ஒரு திசைவி இன்னொரு திசைவியோடு வழித்தகவல் பேசும் முறை என்பதே பெயரின் பொருள். கலைச்சொல் பட்டியலுக்கு 'இடைமுறைமை' பொருந்தும். பேச்சிலும் ஆவணத்திலும் 'ஐஎஸ்-ஐஎஸ்' என்றே எழுதலாம், குழப்பம் வராது.

டிஇசி நிறுவனம் தன் டெக்நெட் வலையமைப்பின் ஐந்தாம் கட்டத்துக்காக உருவாக்கிய நெறிமுறை இது. பின்னர் ஐஎஸ்ஓ 10589 என்ற தரமாயிற்று. ஐபி வழிகளையும் சேர்த்துச் சுமக்கும்படி அதை விரித்தது 1990இல் வந்த ஆர்எஃப்சி 1195.

ஓஎஸ்பிஎஃப் என்ற வழிச்செலுத்தல் நெறிமுறையும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஒவ்வொரு திசைவியும் தன் இணைப்புகளின் நிலையை எல்லோருக்கும் பரப்பும். எல்லோரும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு குறுகிய வழியைத் தாமே கணக்கிடுவார்கள். வேறுபாடு அடித்தளத்தில் இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப் ஐபி பொதிக்குள் பயணிக்கிறது. அதன் நெறிமுறை எண் 89. ஐஎஸ்-ஐஎஸ்ஸோ ஐபியைத் தொடாமல் ஈதர்நெட் சட்டகத்தின் மேல் நேரடியாக ஏறுகிறது. பெரிய சேவை நிறுவனங்களின் மையத்தில் இது நிலைத்ததற்கு முக்கியமான காரணம் இதுவே என்பது என் கருத்து. தொலைவிலிருந்து ஒருவர் ஐபி பொதி அனுப்பி இந்த நெறிமுறையைச் சீண்ட முடியாது. ஐபிவி6 வந்தபோதும் ஐஎஸ்-ஐஎஸ்ஸில் 'வகை, நீளம், மதிப்பு' என்ற வடிவில் புதிய புலங்களைச் சேர்த்தாலே போதுமாக இருந்தது. ஓஎஸ்பிஎஃப்புக்குத் தனியாக மூன்றாம் பதிப்பு எழுத வேண்டியிருந்தது.

ஐபியைச் சாராததால் திசைவிக்குத் தனி அடையாளம் ஒன்று தேவைப்படுகிறது. லூப்பேக் முகவரி 10.20.3.7 என்றால் ஒவ்வொரு எண்ணையும் மூன்றிலக்கமாக்கி, பிறகு நான்கு நான்காகப் பிரிப்பது வழக்கம்:

```
net 49.0001.0100.2000.3007.00
```

இதில் 49 தனியார் பயன்பாட்டுக்குரியது, 0001 பகுதி எண், கடைசி 00 மாறாதது. நடுவிலுள்ள பன்னிரண்டு இலக்கம் வலையமைப்பில் வேறு எந்தத் திசைவிக்கும் இருக்கக் கூடாது.

பகுதி எல்லையும் மாறுகிறது. ஓஎஸ்பிஎஃப்பில் எல்லை திசைவியின் உள்ளே விழும். அதன் ஒரு இடைமுகம் பகுதி 0இல், இன்னொன்று வேறு பகுதியில் இருக்கலாம். ஐஎஸ்-ஐஎஸ்ஸில் திசைவி முழுவதும் ஒரே பகுதியில்தான். எல்லை விழுவது இணைப்பின் மேல். பகுதிக்குள் நடப்பது முதல் மட்டம், பகுதிகளுக்கு இடையே நடப்பது இரண்டாம் மட்டம். மையத்தில் பலரும் இந்தப் பிரிவினைக்குள் போகாமல் எல்லாத் திசைவிகளையும் இரண்டாம் மட்டத்திலேயே ஓட்டுகிறார்கள்.

நடைமுறையில் ஆளைச் சுற்றவிடும் இடம் எம்டியூ, அதாவது ஒரு இணைப்பு ஒரே பொதியில் கடத்தக்கூடிய அதிகபட்ச அளவு. இரு முனைகளிலும் 1500, ஆனால் நடுவிலுள்ள வாடகை இணைப்பு 1400 பைட்டுக்கு மேல் கடத்தாது என்று வைத்துக்கொள்வோம். பிங் போகும், ஏனெனில் வழக்கமான பிங் சிறியது. ஐஎஸ்-ஐஎஸ் மட்டும் எழாது. `show isis neighbors` எதிர்முனையைக் காட்டவே காட்டாது. ஹலோ பொதியை எம்டியூ அளவுக்கு வெற்றுப் பைட்டுகளால் நிரப்பி அனுப்புவது இதன் இயல்பு. பாதை அதைத் தாங்கவில்லை, பொதி வழியிலேயே விழுகிறது. `ping 10.0.0.2 size 1500 df-bit` கொடுத்துப் பார்த்தால் காரணம் உடனே தெரியும். ஓஎஸ்பிஎஃப் இரு முனைகளின் எம்டியூ எண்களை ஒப்பிடுவதோடு சரி. இரண்டும் 1500 என்பதால் நடுவிலுள்ள குறை அந்த ஒப்பீட்டில் சிக்காது.

இங்கே பலர் `no isis hello padding` போட்டுவிட்டு நகர்கிறார்கள். தவறு. திசைவிகளுக்கிடையே நட்பு எழும், இணைப்பு நிலையைச் சுமக்கும் நிலைப்பொதிகளில் சிறியவையும் போகும். 1400ஐத் தாண்டியவை மட்டும் மௌனமாகத் தொலையும். இணைப்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும், சில வழிகளைக் காணோம். ஐபி இல்லாததால் பாதையில் துண்டாக்கும் வசதியும் இல்லை. நிலைப்பொதியை உருவாக்கும் திசைவிதான் அளவு பார்த்து வெட்ட வேண்டும்.

முதல் தீர்வு, நடு இணைப்பின் எம்டியூவை உயர்த்தச் சொல்வது. முடியாதென்றால் இரு இடைமுகங்களிலும் எம்டியூவை 1400 ஆக்கி, `lsp-mtu` அளவை 1397க்குள் வைக்க வேண்டும். மூன்று பைட் எல்எல்சி தலைப்புக்குப் போகிறது. அந்த இணைப்பின் இரு முனைகளில் மட்டும் `lsp-mtu` அளவை மாற்றினால் போதாது. நிலைப்பொதி எங்கே பிறந்தாலும் இந்த இணைப்பைக் கடக்கும் என்பதால், அந்த மட்டத்திலுள்ள எல்லாத் திசைவிகளிலும் மாற்ற வேண்டும்.