கோடு விழுவது எங்கே, கிரீம் நிற்பது எங்கே

என் தங்கைக்கு ஏழாம் மாதம். குளித்துவிட்டு வந்தவள் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து, "அக்கா, இது நேத்து இல்லையே" என்றாள். கத்தரிப்பூ நிறத்தில் நாலைந்து கோடுகள், மேலிருந்து கீழாக. விரலால் தடவினால் லேசாகப் பள்ளம் தட்டியது. பக்கத்திலிருந்த பெரியம்மா உடனே, "சொறியாதேன்னு அப்பவே சொன்னேன்ல" என்றார்.

பாவம், சொறிந்ததற்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை. தோல் விரியும்போது அரிக்கும். அதே விரிவில்தான் ஸ்ட்ரெட்ச் மார்க் என்று சொல்லும் இந்தக் கோடும் விழும். இரண்டும் ஒன்றாக வருவதால் ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவருகிறது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. (அரிப்பு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருந்து, ராத்திரியில் கூடினால் மட்டும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.)

நாம் தொட்டுப் பார்க்கும் மேல்தோல் ஒரு காகிதத்தின் கனம்தான். அதற்கு அடியில் அதைவிடப் பல மடங்கு தடிமனாக உள்தோல் இருக்கிறது. கயிறு போன்ற கொலாஜன் இழைகளும், ரப்பர் போல இழுபட்டுத் திரும்பும் எலாஸ்டின் இழைகளும் அங்கேதான் பின்னிக் கிடக்கின்றன. நாள்பட்ட பருத்திச் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சில இடங்களில் துணி கிழிந்திருக்காது, ஆனால் நூல் நைந்து விலகியிருக்கும். கோடு விழுந்த இடத்தில் உள்தோலின் நிலை ஏறக்குறைய அதுதான். மேல்தோல் முழுசாக இருக்கும், அடியில் நெசவு விட்டிருக்கும்.

இழுவிசைக்குக் குறுக்காகத்தான் கோடு விழும். வயிறு பக்கவாட்டில் விரிவதால் கோடு மேலும் கீழுமாக நிற்கிறது. பதினைந்து வயதில் சட்டென்று உயரும் பையனுக்கு இடுப்புக்கு மேலே முதுகில் படுக்கை வசமாக, ஏணிப்படி மாதிரி விழும். யாரோ அடித்த தழும்போ என்று அம்மாக்கள் பதறுவதுண்டு. ஆனால் விரிவு மட்டுமே காரணமென்றால் எல்லா வயிற்றிலும் விழ வேண்டும். அப்படி விழுவதில்லை. பரம்பரையும், ஹார்மோன்களும் தோலின் உறுதியைத் தீர்மானிக்கின்றன.

புதுக் கோட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். அதனால் சிவப்பு, நம் நிறத்தில் ஊதா அல்லது கரும்பழுப்பு. மாதங்கள் போகப் போக அந்தக் குழாய்கள் குறைந்து, நிறம் வெளுத்து, வெள்ளிக் கோடாகிவிடும். உடல் அந்த இடத்தில் புது இழைகளைப் போடத்தான் செய்கிறது. ஆனால் எலாஸ்டின் பழைய ஒழுங்கில் சேர்வதில்லை.

சரி, கிரீம் என்ன செய்யும்? தங்கை வாங்கி வைத்திருந்த டப்பாவில் "கொலாஜன் கலந்தது" என்று எழுதியிருந்தது. தோலுக்குள் எளிதாக நுழையக்கூடிய மூலக்கூறின் எடை அதிகபட்சம் சுமார் 500 டால்டன் என்பது மருந்தியலில் ஒரு பொதுக் கணக்கு. கொலாஜன் கிட்டத்தட்ட 3 லட்சம் டால்டன். அது மேலேயே நின்று ஈரப்பதம் தரும், அவ்வளவுதான். கோகோ வெண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஆறு ஆய்வுகளை, சுமார் 800 பெண்களை, 2012-இல் காக்ரேன் அமைப்பு சேர்த்து அலசியது. பூசியவர்களுக்குக் கோடு குறைவாக விழுந்தது என்று சொல்லும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் அரிப்பு அடங்கும், தோல் வறளாது. அதற்காகத் தடவலாம்; விலை கூடிய டப்பா அதைவிட அதிகம் செய்யப்போவதில்லை.

உள்ளே போய் உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து ஒன்று உண்டு: டிரெட்டினாயின். கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளை அது அடக்குகிறது. 1996-இல் வந்த ஒரு சிறு ஆய்வில், புதிய சிவப்புக் கோடுகளில் 0.1 சதவீத கிரீமை 24 வாரம் பூசியபோது கோட்டின் நீளம் சராசரியாக 14 சதவீதமும் அகலம் 8 சதவீதமும் குறைந்தது. அதாவது 10 சென்டிமீட்டர் கோடு 8.6 சென்டிமீட்டர் ஆகும். மறையாது. வெளுத்துப்போன கோட்டில் இந்தப் பலனும் அநேகமாகக் கிடைப்பதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், கோடு புதிதாக விழும் கர்ப்ப காலத்தில் இந்த மருந்தைத் தொடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகும், பால் கொடுக்கும்வரை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். லேசர் நிறத்தையும் பள்ளத்தையும் ஓரளவு குறைக்கும், ஆனால் மாநிறத் தோலில் கருமை படியும் அபாயம் இருக்கிறது.

அப்புறம், கோட்டை உண்டாக்கும் கிரீமும் இருக்கிறது. தொடை இடுக்கில் படர்தாமரை வந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிறோமே, அந்தக் கலவை கிரீம்கள் பலவற்றில் பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ, ஏதாவதொரு ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இரண்டே நாளில் நிற்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் உள்தோல் மெலிந்து, எந்த விரிவும் இல்லாமலே அகலமான சிவப்புக் கோடுகள் விழும். அவை அழிவதில்லை. டியூபின் பின்னால் பொடி எழுத்தில் "-சோன்", "-சால்" என்று முடியும் பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பூஞ்சை மருந்துப் பெயர்கள் சிலவும் "-சோல்" என்று முடியும் என்பதால் கேட்பதே நல்லது.

தங்கையின் மகளுக்கு இப்போது இரண்டு வயது. கோடுகள் வெளுத்து, பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரிகின்றன. அவள் பூசியது தேங்காய் எண்ணெய் மட்டும். வெளுத்தது அதனால் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.