"அண்ணன் அனுப்பின காசு" என்றால் வங்கிக்குப் போதாது

வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய தொகை கணக்கில் ஏறாமல் நின்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எங்க காசைப் பிடித்து வைக்க இவங்க யாரு?" என்பதுதான். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தோடு வங்கிக்குப் போய் "அண்ணன் அனுப்பினது, வேற என்ன வேணும்?" என்று சொல்லிவிட்டு வந்தால் இன்னும் சில வாரம் போகும். அனுப்பியவர் யார் என்பது வங்கிக்கு ஏற்கெனவே தெரியும். அவருடைய கைக்கு அந்தத் தொகை எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் வாய்ப்பேச்சில் இல்லை, தாளில் இருக்கிறது.

நான் முன்பு வங்கியில் வேலை செய்தவன். இப்போது ஹட்டனில் கணக்காய்வு, வரி வேலைகளைப் பார்க்கிறேன். இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். முன்பு உண்டியல் வழியாக வந்த காசு இப்போது வங்கி வழியாக வருவதும் ஒரு காரணம். ஒரு குடும்பத்தின் கதையை, அடையாளங்களை மாற்றி, இங்கே சொல்கிறேன்.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அக்கா முன்பள்ளி ஆசிரியை. அவருடைய கணக்கில் மாதம் முப்பது, நாற்பது ஆயிரம் ரூபாய்க்கு மேல் புரண்டதே இல்லை. கனடாவில் இருக்கும் தம்பி, கொட்டகலையில் வீட்டோடு ஒரு துண்டுக் காணி வாங்கட்டும் என்று 60,000 கனேடிய டொலர் அனுப்பினார். இலங்கைக் காசில் ஒரு கோடிக்கு மேல். பணம் இலங்கையில் அக்காவின் வங்கியை வந்தடைந்தது, ஆனால் அக்காவின் கணக்கில் ஏறவில்லை. கிளையில் கேட்டால், "கொழும்பில் தலைமை அலுவலகம் பார்க்கிறது" என்றார்கள்.

இதில் கிளை மெனேஜருக்குப் பெரிய அதிகாரம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின்படி, வாடிக்கையாளரின் வழக்கத்துக்குப் பொருந்தாத தொகை வந்தால் வங்கி விசாரித்தே ஆக வேண்டும். அதோடு, 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மின்னணுப் பணமாற்றங்கள் எல்லாம் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு வழக்கமாகவே அறிவிக்கப்படுகின்றன. அப்படி அறிவிப்பது குற்றச்சாட்டு அல்ல. சந்தேகம் என்று வங்கி தனியாக ஓர் அறிக்கை அனுப்பியிருந்தால், அதை வாடிக்கையாளரிடம் சொல்வதையே சட்டம் தடுக்கிறது. அதனால் கவுண்டரில் இருக்கும் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் "இன்னும் வரவில்லை" என்று சொன்னால் அது திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு விஷயம் தெரியாமலும் இருக்கலாம், தெரிந்தும் சொல்ல முடியாமலும் இருக்கலாம்.

தம்பி முதலில் அனுப்பியது, வேலை செய்யும் கம்பெனியின் கடிதம். இத்தனை வருடம் உழைக்கிறார், வருடச் சம்பளம் 52,000 டொலர் என்று அதில் இருந்தது. நல்ல கடிதம்தான், ஆனால் நிலைமையை அது மோசமாக்கியது. வருடம் 52,000 சம்பாதித்து, வாடகையோ கடனோ கட்டி, வரி கட்டி, சாப்பிட்டு வாழும் ஒருவர் 60,000ஐ எப்படி ஒரே தடவையில் அனுப்பினார் என்று எவரும் கேட்பார்கள். அவர் உழைப்பாளி என்பதை அந்தக் கடிதம் காட்டியது. இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டவில்லை. வங்கி கேட்டது இரண்டாவதை.

தம்பியிடம் நேரடியாகப் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்காபரோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, அதைவிடச் சிறிய வீடு ஒன்றுக்குக் குடிபோயிருக்கிறார். வீட்டுக்கடனும் தரகர் கூலியும் போக 88,000 டொலர் கைக்கு வந்திருக்கிறது. அனுப்பிய 60,000இல் 45,000 அதிலிருந்து வந்தது. மிச்சம் 15,000 சீட்டுக் காசு.

வீட்டுக் காசைக் காட்டுவது சுலபம். கனடாவில் வீடு விற்கும்போது பணம் வழக்கறிஞரின் நம்பிக்கைக் கணக்கு வழியாகத்தான் போகும். கடன் எவ்வளவு கழிந்தது, விற்றவருக்கு எவ்வளவு கொடுபட்டது என்று வழக்கறிஞர் ஒரு கணக்கறிக்கை தருவார். அந்த அறிக்கையின் கடைசி வரியில் உள்ள 88,000மும், தம்பியின் வங்கிக் கணக்கில் வரவான தொகையும் சதம் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தது. ஒரு சிக்கல் மட்டும்: வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்ததால் வந்த காசும் இருவருடையது. அதனால் அன்பளிப்புக் கடிதத்தில் தம்பியின் மனைவியும் கையெழுத்திட வேண்டியிருந்தது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சீட்டுதான் தலைவலி. தம்பியின் கணக்கறிக்கையில் அடுத்தடுத்து ஐந்து நாள், ஒரே ஆளிடமிருந்து, நாளுக்கு 3,000 டொலர் வந்திருந்தது. நமக்கு விஷயம் விளங்கும். சீட்டுப் பிடிக்கிறவருடைய வங்கியில் ஒரு நாளைக்கு அதற்கு மேல் மின்னஞ்சல் வழியாக அனுப்ப முடியாது, அவ்வளவுதான். ஆனால் வங்கியின் விசாரணை அதிகாரி இதே ஐந்து வரிகளைப் பார்த்தால், பெரிய தொகையைத் துண்டு துண்டாக்கி மறைத்தது போலத்தான் தெரியும். கறுப்புப் பணத்தை நுழைக்கிறவர்கள் செய்வதும் அச்சு அசலாக இதுதான்.

சீட்டுக்கு ரசீது கிடையாது. தம்பியும், "விடுங்க அண்ணே, நண்பன் கடன் தந்தான்னு எழுதிடுவோம்" என்றார். கூடவே கூடாது. அந்த நண்பனுக்கு 15,000 எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும், பொய் அங்கே உடையும், வீட்டுக் காசின் மீதும் நம்பிக்கை போய்விடும். நாங்கள் வேறு வழி பார்த்தோம். 20 பேர் சேர்ந்த சீட்டு அது, மாதம் 750 டொலர், ஏலமும் கழிவும் இல்லாத குலுக்குச் சீட்டு. தம்பி கடைசியாக எடுத்தவர். அப்படியானால் 20 மாதமும் அவருடைய கணக்கிலிருந்து அந்தச் சீட்டுக்காரருக்கு 750 போயிருக்க வேண்டும். அந்த 20 மாதக் கணக்கறிக்கையை எடுத்து, ஒவ்வொரு 750க்கும் கோடு போட்டோம். போனது 15,000, வந்தது 15,000, போன ஆளும் வந்த ஆளும் ஒருவரே. சீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதமும் சேர்ந்தது. தம்பி ஐந்தாவது மாதத்திலேயே சீட்டை எடுத்திருந்தால் இவ்வளவு அழகாகக் காட்டியிருக்க முடியாது. அப்போது 15,000இல் பெரும்பகுதி மற்றவர்களின் காசு, இன்னும் கட்டித் தீர்க்க வேண்டிய கடன் என்று எழுதியிருக்க வேண்டும். அது நீளமான கடிதமாகும்.

இன்னொரு முரண்பாடும் இருந்தது. பணம் அனுப்பும்போது தம்பி திரையில் வந்த பட்டியலில் FAMILY SUPPORT என்பதைத் தெரிவு செய்திருந்தார். அக்காவோ கவுண்டரில் "காணி வாங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் கோப்பில் இரண்டு கதை ஏறிவிட்டது. தம்பி தன் வங்கி மூலம் நோக்கத்தைத் திருத்திச் செய்தி அனுப்பினார். நாங்கள் காணி விற்பவரோடு செய்த உடன்படிக்கையின் பிரதியைக் கொடுத்தோம்.

காணி விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். தம்பி கனேடியப் பிரஜை, இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய பெயரில் காணியை உறுதி எழுத முடியாது. "அக்கா பெயரில் இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு என் பெயருக்கு மாற்றலாம்" என்ற எண்ணம் இருந்தால் அது அன்பளிப்பு அல்ல, அன்பளிப்பு என்று எழுதவும் கூடாது. நான் இதைத் தம்பியிடம் நேராகக் கேட்டேன். "அக்காதான் எங்களை வளர்த்தா, அவவுக்கே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகுதான் கடிதத்தை எழுதினோம்:

"இந்த 60,000 டொலரும் நானும் என் மனைவியும் என் சொந்த அக்காவுக்குத் தரும் அன்பளிப்பு. திருப்பித் தர வேண்டியதில்லை. வாங்கும் காணியில் எங்களுக்கு உரிமை எதுவும் இல்லை. 45,000 எங்கள் வீட்டு விற்பனையிலிருந்து வந்தது, வழக்கறிஞரின் கணக்கறிக்கை இணைப்பு 1. 15,000 சீட்டுப் பணம், கணக்கறிக்கைகளும் கடிதமும் இணைப்பு 2."

வங்கிக்குக் கொடுத்தது ஆங்கிலத்தில், உள்ளடக்கம் இதுதான். உழைப்பு, பாசம், நாட்டுப்பற்று பற்றி ஒரு வரியும் வேண்டாம். படிக்கிற அதிகாரி தொகையைத் தேடுகிறார்.

சரி, இவ்வளவும் கொடுத்தும் கோப்பு திரும்பி வந்தது. காரணம், நம் மலையகத்தின் பழைய வியாதி: பெயர். அக்காவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் MUNIANDY, தம்பியின் கடவுச்சீட்டுக்கு அடிப்படையான சான்றிதழில் MUNIYANDI RAMASAMY. தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். "சொந்த அக்கா" என்று கடிதம் சொல்கிறது, தாள்கள் வேறு வேறு தகப்பனைக் காட்டுகின்றன. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, தகப்பனின் பழைய அடையாள அட்டைப் பிரதி, ஊழியர் சேமலாப நிதிக் கடிதம் இரண்டையும் சேர்த்தோம். சத்தியக்கடதாசி மட்டும் தனியாகப் போயிருந்தால் பலம் குறைவு. அந்தக் காலத்துத் தாள் ஒன்றும் அதனோடு சேர்ந்து நிற்க வேண்டும். லயத்து முகவரிக்கு மின்சாரப் பட்டியல் அக்கா பெயரில் இல்லாததால், வதிவிடத்துக்குக் கிராம சேவகரின் சான்றிதழைக் கொடுத்தோம்.

சில சமயம் காசு நிற்பது தொகைக்காகவே அல்ல, அனுப்பியவரின் பெயருக்காக. பயங்கரவாதத் தொடர்புடையவர்கள் என்று ஐக்கிய நாடுகள் தீர்மானத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியாகும் பெயர்ப்பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் நிறைய உண்டு. அனுப்புகிறவருக்கு அதே மாதிரிப் பெயர் இருந்தால் கணினி நிறுத்திவிடும். அதற்குப் பெரும்பாலும் பிறந்த திகதியும் கடவுச்சீட்டுப் பிரதியுமே போதும், வருமானக் கதை தேவைப்படாது. ஆகவே தாள் சேர்க்க ஓடுவதற்கு முன், பணம் எந்த வங்கியில், என்ன காரணத்துக்காக நிற்கிறது என்று அனுப்பியவர் தன் வங்கியில் கேட்க வேண்டும். வங்கிகளுக்கிடையே SWIFT வலையமைப்பில் போகும் ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் UETR என்று ஒரு தனி அடையாளக் குறியீடு உண்டு, அதைக் கொண்டு தேடித் தருவார்கள்.

அக்காவின் பணம் ஏறியது. ஏறிய அன்றைய மாற்று விகிதத்தில்தான் ரூபாய் ஆனது, வந்து சேர்ந்த அன்றைய விகிதத்தில் அல்ல. டொலராகவே வைத்திருக்க விரும்பியிருந்தால் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றை முன்பே திறந்திருக்கலாம். தம்பி வீட்டைத் திருத்த இன்னும் கொஞ்சம் அனுப்பப் போகிறாராம். இந்த முறை அனுப்புவதற்கு முன்பே, எவ்வளவு, எதற்கு, எங்கிருந்து என்ற விவரத்தையும் தாள்களையும் அக்கா கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறார்.