உலர்சலவையா, கரைப்பான் சலவையா?

பட்டுப்புடவை விற்கும் இணையதளங்களில் பராமரிப்புக் குறிப்பு என்ற தலைப்பின் கீழ் இப்போது அடிக்கடி வரும் தொடர் ‘உலர்ந்த சுத்தம் மட்டும்’. சில இடங்களில் ‘உலர் கழுவல்’, சில இடங்களில் ‘உலர்த்திச் சுத்தம் செய்யவும்’. கடைசியில் சொன்னதைப் படிப்பவர் புடவையை வெயிலில் காயப்போட்டுத் தட்டி மடித்தால் போதும் என்றுதான் புரிந்துகொள்வார். டிரை கிளீனிங் என்ற சொல்லைத் தமிழில் கொண்டுவருகிறோம் என்று இறங்கியவர்கள், அந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு கடைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் இந்தச் சொற்கள் பிறந்திருக்காது.

டிரை கிளீனிங்கில் துணி உலர்ந்த நிலையில் இருப்பதே இல்லை. பெரிய உருளைக்குள் துணியைப் போட்டு, மேலே ஒரு திரவத்தைப் பாய்ச்சி, சொட்டச் சொட்ட நனைத்துச் சுழற்றுகிறார்கள். திரவத்தைப் பிழிந்தெடுத்த பிறகு வெதுவெதுப்பான காற்றில் உலர்த்துகிறார்கள். அந்தத் திரவம் தண்ணீர் இல்லை என்பதுதான் ஒரே வேறுபாடு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க்கில் தையல் தொழில் செய்த தாமஸ் ஜென்னிங்ஸ் 1821-இல் ‘டிரை ஸ்கௌரிங்’ என்ற பெயரில் ஒரு துப்புரவு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதே நூற்றாண்டில் பாரீசில் ஜோலி என்பவரின் கடை டர்பன்டைன் போன்ற திரவங்களால் துணி வெளுக்கும் தொழிலைப் பரப்பியது. விளக்கில் எரிக்க ஊற்றியிருந்த திரவம் மேசைவிரிப்பில் கொட்டி, கொட்டிய இடம் பளிச்சென்று ஆனதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதையும் உண்டு. இந்தத் தொழிலின் பெயரில் வரும் ‘டிரை’ என்பதற்கு ‘தண்ணீர் படாத’ என்றுதான் பொருள்.

தமிழில் ‘உலர்’ அந்தப் பொருளைத் தருவதில்லை. உலர்தல் என்றால் இருந்த ஈரம் போதல். உலர் திராட்சை ஒருகாலத்தில் சாறோடு இருந்து, பிறகு வற்றியது. ‘உலர்சலவை’ என்று கேட்கும் காது, ஈரம் போன சலவை என்றோ, ஈரமே படாத சலவை என்றோதான் எடுத்துக்கொள்ளும். இரண்டும் தவறு. பழகிப்போன சொல்லை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்பார்கள். பழகியது ‘டிரை வாஷ்’தான், ‘உலர்சலவை’ அகராதியிலும் விளம்பரப் பலகையிலும் மட்டும் வாழ்கிறது. அதைவிட நம் ஊர்ப் பேச்சிலிருந்த ‘பெட்ரோல் வாஷ்’ எவ்வளவோ நேர்மையான சொல். எதில் நனைக்கிறார்கள் என்பதை அது மறைக்கவில்லை. பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் என்பதால் தொழில் அதைக் கைவிட்டது, சொல்லும் மங்கிவிட்டது.

‘உலர்’ போட்டால் இன்னொரு சிக்கலும் வரும். உலர்ந்த முறையிலான துப்புரவு என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. நெய் சிந்திய இடத்தில் முல்தானி மிட்டியையோ டால்கம் பவுடரையோ தூவி, சில மணி நேரம் ஊறவிட்டுத் தட்டி எடுப்பதுதான் அது. கம்பளத்துக்கும் இப்படிப் பொடி முறை உண்டு. டிரை கிளீனிங்குக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால் இதை என்னவென்று அழைப்பது? போதாததற்கு, சலவைக் குறியீடுகளில் வட்டத்துக்குள் ‘டபிள்யூ’ எழுத்து போட்ட ஒரு குறி இருக்கிறது. தேர்ந்த கடையில் தண்ணீரிலேயே, கட்டுப்படுத்தி வெளுக்கலாம் என்று அதற்குப் பொருள். இதை ‘ஈரச் சலவை’ என்று பெயர்த்து ‘உலர்சலவை’க்கு எதிரே வைக்கிறார்கள். நனைவது இரண்டிலும்தான்!

‘நீரில்லாச் சலவை’ என்று சிலர் எழுதுகிறார்கள். உலரைவிட இது மேல். ஆனால் எது இல்லை என்று சொல்லி, எது இருக்கிறது என்பதை விட்டுவிடுகிறது. முழு உண்மையும் இல்லை: உப்பு, சர்க்கரைக் கறைகளுக்காகத் திரவத்தோடு சோப்பும் மிகச் சிறிதளவு தண்ணீரும் கலக்கும் வழக்கம் தொழிலில் உண்டு.

சரியான சொல் பள்ளி வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. கரைப்பது கரைப்பான், கரைவது கரைபொருள், இரண்டும் சேர்ந்தது கரைசல். ஆகவே கரைப்பான் சலவை. தண்ணீரும் ஒரு கரைப்பான்தானே என்று வேதியியல் படித்தவர் கேட்கலாம். கேள்வி நியாயம். ஆனால் தண்ணீரில் வெளுப்பதற்குச் சலவை என்ற சொல்லே போதும் என்பதால், அடைமொழி சேரும்போது அது வேறு கரைப்பான் என்பது தானாகப் புரிந்துவிடும். ‘கரைசலவை’ என்று சுருக்க வேண்டாம். அது கரைசல் அவை என்று பிரிந்து குழப்பும். வல்லின றகரத்தில் வரும் கறையையும் இதையும் கலக்கவே கூடாது. அழுக்கு கறை, கரைப்பது கரை, புடவையின் ஓரமும் கரை. ‘கரை நீக்கப்படும்’ என்று எழுதி வைத்திருக்கும் கடையில் புடவையைக் கொடுக்க எனக்குத் துணிவு வராது.

கரைப்பான் என்று சொன்னவுடனே அடுத்த கேள்வி எழும்: எதைக் கரைக்கும்? அந்தக் கேள்வியை எழுப்புவதுதான் இந்தச் சொல்லின் பயன். இந்தியக் கடைகளில் பரவலாகப் புழங்குவது மினரல் டர்பன்டைன். பெரிய இயந்திரங்களில் பெர்க் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெர்குளோரோஎத்திலீன். இது தீப்பற்றாது, ஆனால் உடல்நலத்துக்குக் கேடு. அமெரிக்கா 2024 டிசம்பரில் சலவைக் கடைகளில் இதைப் படிப்படியாக நிறுத்த விதி கொண்டுவந்தது. இரண்டுமே நெய், எண்ணெய், லிப்ஸ்டிக், மெழுகு ஆகியவற்றைச் சுலபமாகக் கரைக்கும். சர்க்கரை, உப்பு, காபி, வியர்வை ஆகியவற்றைக் கரைக்காது. அவை தண்ணீருக்குத்தான் இளகும்.

துணியின் பக்கமிருந்து பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. தண்ணீர் இழைக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். கம்பளி இழையின் மேலுள்ள செதில்கள் ஈரத்திலும் சூட்டிலும் அசையும்போது ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். ரேயான் நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும். முறுக்கேறிய நூலில் நெய்த கிரேப், ஜார்ஜெட் சுருங்கும். கோட்டுக்குள் வைத்து ஒட்டியிருக்கும் கேன்வாஸும் மேல்துணியும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் மார்புப் பகுதி கொப்புளம் கொப்புளமாக எழும். கரைப்பான் இழையை உப்ப வைப்பதில்லை, அதனால் வடிவம் குலைவதில்லை. பட்டுக்கு ஏற்றும் சாயம் தண்ணீரில் கரைவது. கரைப்பானில் அது அசையாது. கம்பளி கோட்டு, ஒட்டுத்துணி வைத்துத் தைத்தவை, வெல்வெட், பல நிறப் பட்டு ஆகியவற்றுக்குத்தான் கரைப்பான் சலவை உண்மையில் வேண்டும். பருத்தி, பாலியஸ்டர், நைலானுக்கு அது வீண்செலவு. வியர்வையேறிய பருத்திச் சட்டை அங்கே சுத்தமாகவும் ஆகாது.

ஒரு காஞ்சிபுரம் புடவையை எடுத்துக்கொள்வோம். சந்தன நிற உடல், அரக்குக் கரை, கோர்வையில் இணைத்தது. கல்யாணப் பந்தியில் முந்தியில் நெய் சொட்டியிருக்கிறது, மடிப்பில் பாயசம், இடுப்பில் வியர்வை. தண்ணீரில் போட்டால் கரையின் அரக்கு உடலுக்கு இறங்கலாம், இறங்கிய சாயத்தை எடுப்பது மிகக் கடினம். சந்தேகம் இருந்தால் உள்முனையில் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்கலாம். துணியில் நிறம் ஏறினால் அந்தப் புடவைக்குத் தண்ணீர் ஆகாது. ஆகவே இது கரைப்பானுக்கு உரிய புடவைதான்.

ஆனால் கடைக்காரரிடம் ‘டிரை வாஷ்’ என்று ஒரே சொல்லில் கொடுத்துவிட்டு வந்தால் என்ன ஆகும்? நெய் போய்விடும். பாயசத்தின் சர்க்கரை நிறமில்லாமல் அங்கேயே இருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் புடவை சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம். பிறகு இஸ்திரிச் சூடு பட்டதும், அல்லது பீரோவில் சில மாதங்கள் கிடந்ததும், பழுப்புத் திட்டாக வெளியே வரும். சலவையில் கெட்டுவிட்டது என்று சண்டை எழுவது பெரும்பாலும் இதனால்தான். வியர்வை உப்பும் அப்படியே தங்கும். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி முலாம் பூசியது. உப்பும் ஈரமும் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

இதற்கு வழி, கொடுக்கும்போதே ஒவ்வொரு இடத்தையும் காட்டி என்ன சிந்தியது என்று சொல்லுவது. இது நெய், இது பாயசம், இது வியர்வை. கடைக்காரர் உருளையில் போடுவதற்கு முன்பே பாயசத்துக்கும் வியர்வைக்கும் மட்டும் சில துளி தண்ணீரும் மென்மையான சோப்பும் வைத்து, கீழே துணி கொடுத்து ஒற்றி எடுத்து, காயவைத்துவிட்டுத்தான் கரைப்பானில் இறக்க வேண்டும். வீட்டில் நாமே ஈரத்துணியால் தேய்க்கக் கூடாது. பட்டில் அது வட்டமான நீர்த்தடத்தை விட்டுவிடும், நனைந்த பட்டைத் தேய்த்தால் மேற்பரப்பும் மயிர்விட்டு வெளிறும்.

திரும்பி வந்த புடவையை முகர்ந்து பாருங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை வந்தாலோ, சந்தன நிறம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தாலோ, கடையில் கரைப்பானைக் காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்தாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். முந்தைய துணியின் அழுக்கு உங்கள் துணியில் படிந்திருக்கிறது. டர்பன்டைன் வாடை மட்டும் என்றால் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டால் போய்விடும். உறையோடு பீரோவில் வைத்தால் வாடையும் நிற்கும், ஈரமும் சேரும்.

எல்லாப் புடவைக்கும் கரைப்பான் காவல் என்றும் எண்ண வேண்டாம். பசையால் கல் ஒட்டிய புடவையில் பசை இளகிக் கற்கள் உதிரும். சில வகை பிளாஸ்டிக் ஜிகினாக்களும் பொத்தான்களும் பெர்க்கில் உருகிக் கூழாகும். பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த துணி விறைத்து வெடிக்கும். ‘உலர்’ என்ற சொல் இந்த ஆபத்தை ஒருபோதும் உணர்த்தாது, ஏனென்றால் உலர்ந்த ஒன்று எதையும் கரைப்பதாக நாம் நினைப்பதில்லை. துணியின் முத்திரையில் வட்டத்துக்குள் ‘பி’ இருந்தால் பெர்க்கும் ஆகும், ‘எஃப்’ இருந்தால் டர்பன்டைன் வகை மட்டும், வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் கரைப்பானே ஆகாது. இதைத் தமிழில் எழுதப் புகுபவர்கள் ‘நீரில் நனைக்க வேண்டாம், கரைப்பான் சலவை மட்டும்’ என்று எழுதட்டும். கல் ஒட்டிய புடவையானால் ‘கரைப்பான் கூடாது’ என்று எழுதட்டும்.