பூனையே ஒரு கணப்புதான்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். டிசம்பர் வந்தால் ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே 9, 10 டிகிரிதான் இருக்கிறது, பூனைக்குக் கனமான கம்பளியைப் போர்த்திவிட்டாலும் அது எழுந்து போய் கரி அடுப்பு பக்கத்தில் படுத்துக்கொள்கிறது, ஹீட்டர் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு கிலோ பூனை ஒரு நாளில் 200 முதல் 250 கிலோகலோரி வரை சாப்பிடுகிறது. அதில் பெரும்பகுதி கடைசியில் வெப்பமாகத்தான் உடம்பை விட்டு வெளியேறுகிறது. 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் சுமார் 10 வாட். அதாவது சின்ன குண்டு பல்பு அளவுக்கு ஒரு கணப்பு உங்கள் வீட்டில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. அந்த வெப்பம் எந்த வழியாக ஓடிப்போகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் வேலை.

பெரிய ஓட்டை பூனைக்குக் கீழே இருக்கிறது. முடி குளிரைத் தடுப்பது முடியால் இல்லை, முடிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றால். பூனை படுத்ததும் அதன் எடை அடிப்பக்க முடியை நசுக்கி அந்தக் காற்றை வெளியே தள்ளிவிடும். மேலே இரண்டு விரல் தடிமனுக்கு ரோமம் புசுபுசுவென்று இருக்க, கீழே தோலும் சிமெண்ட் தரையும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் மேலே எவ்வளவு போர்த்தினாலும் அது எழுந்து போகிறது. எடை ஏறினாலும் நசுங்காத ஏதாவது ஒன்று அடியில் வேண்டும்: ஒரு அங்குலத் தெர்மோகோல், அதன் மேல் அட்டை, அதற்கும் மேல் நாலாக மடித்த கம்பளி. கடையில் விற்கும் பூனை மெத்தைகளில் பல பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடிப்பக்கத்தைக் கையால் அழுத்தினால் விரல் நேராகத் தரையில் இடிக்கும். அதற்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

அடுத்தது பெட்டி. 45 செ.மீ. நீளம், 35 அகலம், 30 உயரம், அதாவது பூனை சுருண்டு படுக்க மட்டும் இடம். இதன் ஆறு பக்கமும் சேர்ந்தால் 0.8 சதுர மீட்டர்தான் வரும். வெறும் அட்டைப்பெட்டியாக இருந்தால் 10 வாட் உள்ளே 3, 4 டிகிரி ஏற்றும். சுற்றிலும் ஒரு அங்குலத் தெர்மோகோல் வைத்தால் கணக்குப்படி 12 டிகிரி வரை ஏறும், வாசல் வழியாகப் போவதைக் கழித்தால் பாதியாவது நிற்கும். 9 டிகிரி அறையில் 15 டிகிரி மூலை, மின்சாரமே இல்லாமல்! ஆனால் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் சுவரின் பரப்பு நாலு மடங்காகிவிடும், அந்த 10 வாட் எதற்கும் போதாது. வாசல் 15 செ.மீ. போதும், சன்னலைப் பார்க்காத பக்கமாக வையுங்கள். தெர்மோகோலைப் பூனை கடிக்கும், அதனால் இரண்டு அட்டைகளுக்கு நடுவே மறைத்துவிடுங்கள். மலையில் மூடுபனிக் காலத்தில் கம்பளி தானாகவே ஈரம் வாங்கும். காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், தினமும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்து மாற்றுங்கள்.

சரி, வெந்நீர் பை? ஒரு லிட்டர் தண்ணீர் 50 டிகிரியிலிருந்து 38க்கு இறங்கும்போது தருவது, பூனை தானாகவே ஒன்றரை மணி நேரத்தில் விடும் வெப்பம்தான். படுக்கையை ஆரம்பத்தில் சூடாக்க நல்லது. நடு ராத்திரிக்குள் அது ஆறிப்போய்ப் பூனையின் சூட்டையே உறிஞ்ச ஆரம்பிக்கும், அப்போது எடுத்துவிட வேண்டும். கொதிக்கும் நீர் வேண்டவே வேண்டாம். பூனையின் மூக்கு நுனி மிகச் சிறிய சூட்டு வித்தியாசத்தையும் உணரும், ஆனால் உடம்புத் தோல் அப்படி இல்லை. நாம் கையை இழுத்துக்கொள்ளும் சூட்டிலும் அது நிம்மதியாகப் படுத்திருக்கும். 44 டிகிரி சூடு கூட ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். முடிக்கு அடியில் நடப்பதால் சில நாள் கழித்து அந்த இடத்தில் முடி கொட்டும்போதுதான் நமக்குத் தெரியவரும். பையை இரண்டு சுற்று துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள், விலகிப் படுக்க மறுபாதி காலியாக இருக்கட்டும். மின்சார மெத்தைக்கும் இதே விதிதான்.

அப்புறம் அந்தக் கரி அடுப்பு. சன்னல் சாத்திய அறையில் கரி புகையில்லாமல் கனன்றுகொண்டிருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். சின்ன உடம்பு வேகமாக மூச்சு விடும் என்பதால் பூனைக்கு நமக்கும் முன்னால் ஏறும், அது அசந்து கிடப்பதைத் தூக்கம் என்று நினைத்துவிடுவோம். தூங்கப் போகும் முன் அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள், தயவுசெய்து.

காலையில் பூனையின் காதும் பாதமும் சில்லென்று இருந்தால் பயப்பட வேண்டாம், அந்த இடங்களில் ரத்தம் குறைவதே சூட்டைக் காக்கத்தான். வாயின் உட்புறமும் சில்லென்று இருந்து, நடுக்கம் நின்று, கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தால் நிலைமை வேறு. நடுங்கவே தெம்பில்லை என்று அதற்கு அர்த்தம். போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குட்டியாக இருந்தால் உடம்பு சூடேறும் வரை பால் கொடுக்காதீர்கள், குளிர்ந்த குடலில் அது செரிக்காது.